புகழுரையில் எண் எங்கே?

சிறு தொழில்களின் இணையதளங்களில் ‘வாடிக்கையாளர்கள் சொல்வது’ என்ற பகுதியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே வகை வாசகங்கள்தான் இருக்கும். வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்தித் தரும் ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் வரக்கூடிய கருத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்: “சோலார் போட்ட பிறகு எங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது! கரண்ட் பில் என்பதே கிடையாது. இப்படி ஒரு சேவை உலகத்தில் எங்கும் இல்லை. நூறு சதவீதத் திருப்தி!” கீழே, ‘மகிழ்ச்சியான வாடிக்கையாளர், கோவை’.

இதை எழுதித் தந்தவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பாராட்டச் சொன்னார்கள், பாராட்டினார். ஆனால் ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ செலவழிக்கலாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு இதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. எத்தனை கிலோவாட், வீட்டில் ஏசி உண்டா, பில் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று அவர் தேடுவது ஒன்றும் கிடைப்பதில்லை. கிடைக்கும் ஒரே தகவலான ‘பில்லே கிடையாது’ என்பதை அவர் நம்பமாட்டார். நம்பி வாங்கினால் முதல் பில்லிலேயே நிறுவனத்துடன் சண்டைக்கு வருவார்.

திருத்த உட்காருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, இந்த வாசகத்தையே மென்மையாக்குவது. ‘பில்லே கிடையாது’ என்பதை ‘பில் வெகுவாகக் குறைந்தது’ என்றும், ‘உலகத்தில் எங்கும் இல்லை’ என்பதைச் ‘சிறப்பான சேவை’ என்றும் மாற்றுகிறார்கள். மிகை போய்விடுகிறது, ஆனால் உண்மை வந்துசேரவில்லை. அதோடு, வாடிக்கையாளர் சொல்லாத சொற்கள் அவர் பெயரில் ஏறிவிடுகின்றன. திருத்தும் வேலை உண்மையில் மேசையில் நடப்பதில்லை. வாடிக்கையாளரை மீண்டும் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதில்தான் அது நடக்கிறது.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. எந்த மாதம் பொருத்தினீர்கள், எத்தனை கிலோவாட்? அதற்கு முந்தைய ஆண்டின் பில்லும் இப்போதைய பில்லும் கையில் இருக்கின்றனவா? வாங்கும் முன் எதற்குத் தயங்கினீர்கள்? வாங்கிய பின் எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை? கடைசிக் கேள்வியைப் பல நிறுவனங்கள் தவிர்க்கின்றன. ஆனால் படிப்பவரின் நம்பிக்கையைப் பெறும் வரி பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதிலிலிருந்தே வருகிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் இணைய விற்பனையை ஆராய்ந்தபோது, 5 நட்சத்திரத்தை நெருங்கும் பொருட்களைவிட 4 முதல் 4.7 வரை மதிப்பெண் பெற்றவையே அதிகம் வாங்கப்படுவதாகக் கண்டது. குறையே இல்லாத புகழ்ச்சி வாங்குபவரைச் சந்தேகப்பட வைக்கிறது.

கோவை வாடிக்கையாளரிடம் இப்படிப் பதில் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 2023 ஜூனில் 3 கிலோவாட் பொருத்தினார். வீட்டில் ஐந்து பேர், இரண்டு ஏசி. 2023 ஏப்ரல், மே மாதங்களுக்கான பில்லில் 900 யூனிட். 2024இல் அதே இரண்டு மாதங்களுக்கு 240 யூனிட். 2022 நவம்பர், டிசம்பரில் 600. அடுத்த ஆண்டு அதே மாதங்களில் 170. நெட் மீட்டர் மாற்ற ஏழு வாரம் ஆனது. இன்வெர்ட்டர் ஒரு முறை நின்றது. மறுநாள் ஆள் வந்து சரிசெய்தார்.

இனி இந்தக் கணக்கு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் மின்சாரம் தரும். 3 கிலோவாட் என்றால் நாளுக்கு 12, இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 720. கோடையில் 660 யூனிட் குறைந்தது என்பது இதற்குள் அடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் 430தான் குறைந்தது என்பதும் இயல்பானதே. மாறாக, 900 யூனிட் ஓடிய அதே வீட்டில் அதே பயன்பாட்டுக்கு பில் பூஜ்யம் என்று சொன்னால், 3 கிலோவாட்டால் அது முடியாது. அந்த இரண்டு மாதமும் வீடு பூட்டியிருந்திருக்கலாம், அல்லது ஒரு ஏசியை நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் அந்தச் சேமிப்பு சூரியனால் வந்ததல்ல. அந்த எண்ணைப் பக்கத்தில் ஏற்றக் கூடாது. மே மாத பில்லை டிசம்பர் பில்லோடு ஒப்பிட்டுச் சேமிப்பு காட்டுவதும் இதே ரகம். ஒரே மாதங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

பதில்களிலிருந்து உருவாகும் வாசகம் இவ்வாறு அமையலாம்: “2023 ஜூனில் 3 கிலோவாட் போட்டோம். ஐந்து பேர், இரண்டு ஏசி. போடுவதற்கு முன் ஏப்ரல்-மே பில்லில் 900 யூனிட் வந்தது. அடுத்த வருடம் அதே மாதங்களில் 240. மழைக் காலத்தில் இவ்வளவு குறைவதில்லை. நெட் மீட்டர் வர ஏழு வாரம் ஆனது. ஒரு தடவை இன்வெர்ட்டர் நின்றுபோனது, மறுநாளே ஆள் வந்தார்.”

இதில் ‘73 சதவீதச் சேமிப்பு’ என்று எழுத ஆசை வரும். 900இலிருந்து 240 என்பது கணக்குப்படி அதுதான். ஆனால் சதவீதம் தனியாக நிற்கும்போது அது ஒரு கோடைக்குரியது என்பதும், இரண்டு ஏசி உள்ள வீட்டுக்குரியது என்பதும் மறைந்துபோகும். படிப்பவர் அதைத் தன் வீட்டுக்கு வருடம் முழுவதற்குமான வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார். யூனிட்டும் மாதமும் வீட்டு அளவும் சேர்ந்திருந்தால் தன் பில்லை எடுத்துவைத்து அவரே ஒப்பிட்டுக்கொள்ள முடியும்.

எழுதி முடித்ததும் அதை வாடிக்கையாளருக்கு அனுப்பி, “இது நீங்கள் சொன்னதுதானா?” என்று கேட்டு, ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும். எழுத்துப்பிழை திருத்தலாம், நீளத்தைக் குறைக்கலாம், வரிசையை மாற்றலாம். அவர் சொல்லாத எண்ணைச் சேர்ப்பதும், பொருளையே மாற்றும் வகையில் ஒரு குறையை வெட்டுவதும் கூடாது. பெயர், ஊர், படம் மூன்றும் அவர் சம்மதித்த அளவுக்கே. தள்ளுபடியோ இலவசப் பராமரிப்போ பெற்றுக்கொண்டு கருத்துச் சொல்லியிருந்தால் அதையும் அங்கேயே குறிப்பிட வேண்டும்.

இந்தியாவில் இதற்குச் சட்டமும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், விளம்பரத்தில் ஒருவர் தரும் பரிந்துரை அவருடைய நேர்மையான, ஓரளவு அண்மைக்காலக் கருத்தாகவும், போதிய தகவல் அல்லது அனுபவத்தின் அடிப்படையிலும் இருக்க வேண்டும் என்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. மேலே பெரிய எழுத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, கீழே பொடி எழுத்தில் அதற்கு நேர்மாறான குறிப்பைப் போடுவதையும் இந்த நெறிகள் ஏற்பதில்லை. அமெரிக்காவிலும் ‘எல்லோருக்கும் இந்தப் பலன் கிடைக்காது’ என்ற பொதுக் குறிப்பு முன்பு போதுமானதாக இருந்தது. 2009இல் மத்திய வர்த்தக ஆணையம் நெறிகளைத் திருத்தி அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. அசாதாரணமான பலனைக் காட்டினால் சாதாரணமாக என்ன கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சூரிய மின்தகட்டு நிறுவனமும் மிக நல்ல பில்லை மட்டும் பொறுக்கிப் போடாமல், நடுத்தரமான இரண்டு மூன்று வீடுகளையும் சேர்த்துக் காட்டுவதே சரி.

சில கருத்துகளைத் திருத்தவே முடியாது. ‘இந்த மருந்தால் சர்க்கரை நோய் குணமானது’ என்ற வாடிக்கையாளர் வாசகத்துக்கு எத்தனை எண் சேர்த்தாலும் பயனில்லை. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடுக்கிறது. வாடிக்கையாளர் வாயால் சொல்லவைத்தாலும் அது விளம்பரமே. அத்தகைய கருத்தை நீக்கத்தான் வேண்டும்.

பழைய கருத்துகளையும் அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கிறது. நிறுவனம் வேறு தயாரிப்பாளரின் இன்வெர்ட்டருக்கு மாறியிருந்தால், பழைய இன்வெர்ட்டரைப் பாராட்டும் கருத்து புதிதாக வாங்குபவருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு கருத்தின் கீழும் மாதமும் ஆண்டும் இருந்தால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. அதைச் சொன்ன வாடிக்கையாளரை மறுபடி அழைத்து, இப்போதும் அந்த நிலைதானா என்று கேட்டுவிட்டு, தேதியை மாற்றலாம் அல்லது கருத்தை எடுத்துவிடலாம்.