95 சதவீதம் என்றால் எதில் 95?

“40 வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொண்டேன். புதுப்பிப்பு விகிதம் 95%. விரிவாக்க வருமானம் 60 லட்சம் ரூபாய்.”

மென்பொருள் நிறுவனத்தில் கஸ்டமர் சக்சஸ் மேனேஜர் வேலைக்கு விண்ணப்பிப்பவரின் ரெஸ்யூமேயில் இப்படி ஒரு வரி இருந்தால், முதல் பார்வைக்குக் குறையே தெரியாது. ஆனால் இதே வரியை எழுதக்கூடிய ஒருவர், தன்னிடம் ஒப்படைத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை அந்த ஆண்டில் இழந்தவராகவும் இருக்கலாம். வரியில் பொய் எதுவும் இருக்காது. எண்கள் எதை அளக்கின்றன என்பது மட்டும் விடுபட்டிருக்கும்.

முதலில் இந்த வேலை என்ன என்று பார்த்துவிடலாம். சென்னையில் வளர்ந்த ஜோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ், சார்ஜ்பீ போன்ற நிறுவனங்கள் மென்பொருளைச் சந்தா முறையில் விற்கின்றன. வாங்கியவர் மாதாமாதமோ வருடா வருடமோ பணம் கட்டுவார். பிடிக்கவில்லை என்றால் காலம் முடிந்ததும் நிறுத்திவிடுவார். விற்பனைக்காரரின் வேலை கையெழுத்தோடு முடிந்துவிடும். அதன்பிறகு அந்த வாடிக்கையாளர் மென்பொருளை ஒழுங்காகப் பயன்படுத்துகிறாரா, அவர் எதிர்பார்த்த பலன் கிடைத்ததா, அடுத்த ஆண்டும் தொடர்வாரா என்று பார்ப்பவர்தான் கஸ்டமர் சக்சஸ் மேனேஜர். புகார் வந்தால் தீர்த்து வைப்பது சப்போர்ட் ஆட்களின் வேலை. இவர் புகார் வருவதற்கு முன்பே நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

இப்போது அந்த 95 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருப்பதற்காக நானே அமைத்த எண்கள் இவை. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஒருவரிடம் 40 வாடிக்கையாளர்கள். எல்லோரும் சேர்ந்து ஆண்டுக்கு 4 கோடி ரூபாய் கட்டுகிறார்கள். அந்த ஆண்டில் 38 பேர் புதுப்பித்தார்கள், 2 பேர் விலகினார்கள். 40-க்கு 38 என்றால் 95%. விலகிய இருவரோ ஆளுக்கு 30 லட்சம் கட்டிவந்த பெரிய வாடிக்கையாளர்கள். தொடர்ந்த 38 பேரில் மூன்று பேர் லைசென்ஸ் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டதில் இன்னொரு 20 லட்சம் போனது. ஆக, 4 கோடியில் 80 லட்சம் இல்லை. மிஞ்சியது 3 கோடியே 20 லட்சம், அதாவது 80%. இதைத்தான் இத்துறையில் கிராஸ் ரிடென்ஷன் என்கிறார்கள்.

அதே ஆண்டில் மற்ற வாடிக்கையாளர்கள் கூடுதலாக வாங்கியதில் 60 லட்சம் வந்தது. அதையும் சேர்த்தால் 3 கோடியே 80 லட்சம். பழைய 4 கோடியோடு ஒப்பிட்டால் மறுபடியும் 95%. இதன் பெயர் நெட் ரிடென்ஷன். ஒரே ஆளின் ஒரே ஆண்டில் ஒரு 95 தலைக்கணக்கில் வருகிறது, இன்னொரு 95 விரிவாக்கம் சேர்ந்த பணக்கணக்கில் வருகிறது. நடுவில் இருக்கும் 80 ரெஸ்யூமேயில் ஏறவே இல்லை.

இதற்கு நேரெதிரான ஒருவரைப் பாருங்கள். அவரிடமும் 40 வாடிக்கையாளர்கள், 4 கோடி ரூபாய். ஆறு பேர் விலகினார்கள். தலைக்கணக்கில் 85% தான். ஆனால் அந்த ஆறு பேரும் சேர்ந்து கட்டியது 12 லட்சம். பணத்தில் 97% தங்கிவிட்டது. “புதுப்பிப்பு விகிதம் 85%” என்று மட்டும் எழுதினால், முதலாமவர் முன்னால் இவர் தோற்றுப்போவார். தோற்க வேண்டியவர் இவர் அல்ல. ஆகவே விகிதத்தை எழுதும்போது அது ஆள் எண்ணிக்கையிலா, பணத்திலா, விரிவாக்கம் சேர்ந்ததா சேராததா என்று சொல்லியே ஆக வேண்டும். எதைச் சேர்த்து எழுதலாம் என்று கேட்டால் கிராஸ், நெட் இரண்டையுமே எழுதுங்கள் என்பேன். நெட் விகிதத்தை மட்டும் காட்டுபவரிடம் கிராஸ் எவ்வளவு என்று கேட்பதுதான் அனுபவமுள்ள மேலாளரின் முதல் கேள்வியாக இருக்கும்.

கீழே போடும் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. 40 பேரில் 15 பேர் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருந்தால், அவர்களுக்கு அந்த ஆண்டு புதுப்பிப்பே வராது. விலக வாய்ப்பே இல்லாதவர்களைத் தங்கவைத்தோம் என்று கணக்கில் காட்டினால் விகிதம் தானாக ஏறும். அந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டியிருந்த 25 பேரை வைத்துக் கணக்கிடுவதே சரியான புதுப்பிப்பு விகிதம்.

விரிவாக்க வருமானத்தில்தான் ரெஸ்யூமேக்கள் அதிகம் தடுமாறுகின்றன. 60 லட்சம் எப்படி வந்தது? வாடிக்கையாளர் புதிதாக ஆள் எடுத்ததால் கூடுதல் லைசென்ஸ் வாங்கியிருக்கலாம். மேல்நிலைத் திட்டத்துக்கு மாறியிருக்கலாம். அதே நிறுவனத்தின் இன்னொரு மென்பொருளையும் வாங்கியிருக்கலாம். ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த வருடாந்திர விலை உயர்வாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதில் இவருடைய முயற்சி என்று சொல்ல அதிகமில்லை. மேலும், பல நிறுவனங்களில் வாய்ப்பைக் கண்டுபிடிப்பவர் ஒருவர், விலை பேசிக் கையெழுத்து வாங்குபவர் அக்கவுன்ட் மேனேஜர். “நான் கண்டறிந்து கொடுத்த வாய்ப்புகளிலிருந்து 60 லட்சம் வந்தது, அதில் 20 லட்சத்தை நானே பேசி முடித்தேன்” என்று எழுதினால் மதிப்பு குறையாது. மொத்தமும் நானே என்று எழுதிவிட்டு, நேர்முகத்தில் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தீர்கள், யார் ஒப்புதல் தந்தார்கள் என்ற கேள்விக்குத் திணறினால் அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

எத்தனை அக்கவுன்ட் என்பதும் தனியாக நின்றால் ஒன்றும் சொல்லாது. 15 பெரிய நிறுவனங்களைப் பார்ப்பவர் ஒவ்வொன்றின் துறைத் தலைவரையும் காலாண்டுக்கு ஒருமுறை சந்தித்துப் பேசுவார். 300 சிறு வாடிக்கையாளர்களைப் பார்ப்பவர் மின்னஞ்சல், பொதுப் பயிற்சிக் கூட்டம், பயன்பாட்டுத் தரவு ஆகியவற்றை நம்பி வேலை செய்வார். இரண்டும் வேறு வேறு திறமைகள். அதனால் எண்ணிக்கையோடு மொத்த ஆண்டு வருமானமும், வாடிக்கையாளர் எந்த அளவு நிறுவனம், எந்தத் தொழில், எந்த நாடு என்பதும் வர வேண்டும். நீங்கள் பொறுப்பேற்றபோது விகிதம் எவ்வளவு இருந்தது என்பதையும் சேருங்கள். 78-இல் வாங்கி 88-க்குக் கொண்டுவந்தவர், 96-இல் வாங்கி 95-இல் விட்டவரைவிடச் சொல்வதற்கு நிறைய வைத்திருப்பார்.

இழந்த வாடிக்கையாளரைப் பற்றியும் நிச்சயம் கேட்பார்கள். மென்பொருளை உள்ளே கொண்டுவந்த அதிகாரி வேலை மாறிவிட்டார், வாடிக்கையாளர் நிறுவனத்தை இன்னொன்று வாங்கிவிட்டது, தினசரி பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஆறு மாதமாகக் குறைந்துவந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த அறிகுறியை எப்போது பார்த்தீர்கள், பார்த்ததும் என்ன செய்தீர்கள் என்பதில்தான் உங்கள் வேலை தெரியும்.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் போல பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட அந்த நிறுவனம் தன் நெட் ரிடென்ஷன் விகிதத்தை முதலீட்டாளர்களுக்கு வெளியிட்டுவருகிறது. உங்கள் எண் நிறுவனத்தின் எண்ணிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் காரணம் கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும்.

வாடிக்கையாளர் பெயர்களையும் அவரவர் கட்டிய தொகையையும் ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள். அது நிறுவனத்தோடு செய்த ரகசியக்காப்பு ஒப்பந்தத்தை மீறுவதாகும். “நடுத்தர அளவிலான ஐரோப்பிய சில்லறை வணிக நிறுவனம்” என்ற அளவே போதும். மொத்த வருமானத்தையும் தோராயமாகச் சொன்னால் போதுமானது. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் உங்கள் சொந்த விகிதங்களை, அவை எப்படிக் கணக்கிடப்பட்டன என்ற ஒரு வரியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட மறுநாள் அந்த டேஷ்போர்டைத் திறந்து பார்க்க உங்களுக்கு அனுமதி இருக்காது.