இரண்டு நேரங்கள் சொல்லும் சேதி

ஐந்து வயதுப் பையன். விழாமலே முழங்கால் வீங்கியிருக்கிறது. நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் ரத்தம் எடுக்கிறார்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. ஆய்வகத்தில் அதன் பிளாஸ்மாவைத் தனியே பிரித்து இரண்டு சோதனைகள் செய்வார்கள்.

முதலாவது பி.டி. காயம்பட்ட திசுவிலிருந்து வரும் காரணியையும் கால்சியத்தையும் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். இது 7ஆம் காரணி வழியாகச் செல்லும் வெளிப்பாதையையும், அதன்பின் 10, 5, புரோத்ராம்பின், ஃபைப்ரினோஜென் அடங்கிய பொதுப்பாதையையும் சோதிக்கிறது. பையனுக்கு 12 நொடி, சரியான அளவுதான்.

இரண்டாவது ஏ.பி.டி.டி. இதில் திசுக் காரணி கிடையாது. சிலிக்கா போன்ற தூண்டுபொருளும் கொழுப்புப் பொருளும் கலந்து, சில நிமிடம் கழித்துக் கால்சியம் சேர்ப்பார்கள். 12, 11, 9, 8 ஆகிய காரணிகளின் உட்பாதையும் அதே பொதுப்பாதையும் இதில் தெரியும். சுமார் 35 நொடிக்குள் உறைய வேண்டியது, பையனுக்கு 78 நொடி ஆனது.

பி.டி. சரியாக இருப்பதால் பொதுப்பாதையில் குறையில்லை. ஆகவே கோளாறு உட்பாதையில்தான். பையனின் பிளாஸ்மாவோடு ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்ததும் நேரம் 34 நொடிக்கு இறங்கியது. அப்படியென்றால் ஏதோ ஒரு காரணி குறைவு. அளந்தபோது 8ஆம் காரணி 2 சதவீதமே இருந்தது: ஹீமோபிலியா ஏ.

குழாயில் ரத்தம் குறைவாக எடுத்தால் சிட்ரேட் மிகுந்துபோய் நேரம் பொய்யாக நீளும். அப்போது மறுபடி ரத்தம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.