சீசியம்-137 வரையும் மேடுபள்ளம்

சீசியம்-137 வெளிவிடும் காமா கதிருக்கு ஆற்றல் ஒன்றுதான்: 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். (கீழே வரும் எண்களுக்கும் இதே அலகு.) ஆனால் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தின் முன் அந்தக் கதிர்மூலத்தை வைத்தால், திரையில் ஒற்றைக் கோடு வருவதில்லை. வலப்புறம் உயரமாக ஒரு முகடு, அதற்கு இடப்பக்கம் ஒரு பள்ளம், பிறகு நீண்ட மேடை, மேடையின் மேல் ஒரு சிறு திமில்.

காரணம் எளிது. காமா ஃபோட்டான் படிகத்துக்குள் எவ்வளவு ஆற்றலை விடுகிறதோ அந்த அளவுக்குப் படிகம் மினுங்குகிறது. ஒளிபெருக்கிக் குழாய் அந்த மினுக்கை மின்துடிப்பாக்குகிறது. துடிப்புகள் உயரவாரியாக எண்ணப்படுகின்றன. ஆகவே வரைபடம் காட்டுவது ஃபோட்டான் கொண்டுவந்த ஆற்றலை அல்ல, படிகத்தில் விட்டுச்சென்ற ஆற்றலை.

கொண்டுவந்த முழுவதையும் விட்டால் அது 662இல் உள்ள ஒளிமின் முகடு. இது ஊசிபோல நிற்பதில்லை. பாதி உயரத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 7 சதவீதம், அதாவது 46 அளவில் இருக்கும். ஒவ்வொரு மினுக்கிலிருந்தும் குழாய்க்குக் கிடைக்கும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடிக்குறைவதே இதற்கு முக்கியக் காரணம்.

சில ஃபோட்டான்கள் படிகத்திலுள்ள எலெக்ட்ரானில் மோதி, ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு வெளியே தப்புகின்றன. இதுவே காம்ப்டன் சிதறல். மோதும் கோணத்தைப் பொறுத்துப் பங்கு மாறுவதால் நீண்ட மேடை உருவாகிறது. நேருக்குநேர் மோதி வந்த வழியே திரும்பும் ஃபோட்டான் 184உடன் வெளியேறும். எலெக்ட்ரானுக்குக் கிடைப்பது 478. ஒரே மோதலில் அதற்கு மேல் கொடுக்க வழியில்லை. அதனால் மேடை அங்கே சரிகிறது: அதுதான் சிதறல் விளிம்பு. முகட்டை அகலமாக்கும் அதே மங்கல் விளிம்பையும் சாய்வாக்கிவிடுகிறது. சரிவின் பாதி உயரத்தைத் தோராயமான விளிம்பாகக் கொள்ளலாம்.

திமிலும் இதே மோதலின் மறுபக்கம்தான். இம்முறை மோதல் நடப்பது படிகத்துக்கு வெளியே: மேசையில், சுவரில், ஈயக் கல்லில். திரும்பி வரும் ஃபோட்டானைப் படிகம் முழுமையாக விழுங்கினால் 184ஐ ஒட்டிப் பின்சிதறல் முகடு எழும்புகிறது. எல்லா ஃபோட்டான்களும் நேர் எதிராகத் திரும்புவதில்லை என்பதால் அது அகன்று, வலப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை வேறொரு கதிரியக்கத் தனிமம் என்று எண்ணிவிடுவதுண்டு. மூலத்தின் பின்னால் ஒரு ஈயக் கல்லை வைத்தும் எடுத்தும் பார்த்தால் சந்தேகம் தீரும். திமில் கூடிக்குறையும், 662 முகடு ஏறக்குறைய அசையாது. பொட்டாசியம்-40இன் 1461 கதிருக்கும் பின்சிதறல் 218ஐ ஒட்டியே விழுகிறது. மூல ஆற்றல் எவ்வளவு கூடினாலும் நேர் எதிராகத் திரும்பும் ஃபோட்டானின் ஆற்றல் 256ஐத் தாண்டாது.

வெப்பநிலை மாறினால் குழாயின் பெருக்கமும் மாறி வரைபடம் முழுவதும் நகரும். 662 முகடு 640இல் தெரிந்தால், விளிம்பு ஏறத்தாழ 462க்கும் திமில் 178க்கும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் மூலத்தில் கோளாறில்லை. அளவுகோலைத்தான் மறுபடி சரிசெய்ய வேண்டும்.