விற்காத சரக்கு யார் தலையில் விழும்?

நெகமத்திலோ சின்னாளப்பட்டியிலோ சேலை நெய்து விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு ஆடி மாதம் பிறந்ததும் நகரத்துக் கடைகளிலிருந்து அழைப்பு வரத் தொடங்கும். "நூறு சேலை அனுப்புங்க. தீபாவளிக்கு வித்ததுக்குப் பணம் தர்றோம், மீதியைத் திருப்பி எடுத்துக்குங்க" என்பார் கடைக்காரர். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். சரக்கு லாரியில் ஏறும். தகராறு கார்த்திகையில் வரும்.

இப்படி அனுப்பும் சரக்குக்குக் கடைக்காரர் முதல் போடுவதில்லை. அலமாரி அவருடையது, சரக்கு உங்களுடையது. இந்த ஏற்பாடு இரண்டு வகைப்படும். உங்கள் முகவராக இருந்து விற்றுக் கொடுத்து, கடைக்காரர் கமிஷன் எடுத்துக்கொள்வது ஒரு வகை. விற்ற அளவுக்கு அவரே உங்களிடம் வாங்கியதாகக் கணக்கு வைத்து, மிச்சத்தைத் திருப்பித் தருவது இன்னொரு வகை. சேலைக் கடைகளுக்குப் பொருத்தமானது இரண்டாவதுதான். சேலைக்கு உங்கள் விலை 1,400 ரூபாய் என்று எழுதிவிட்டால், கடைக்காரர் அதை 2,000க்கு விற்றாலும் தள்ளுபடியில் 1,600க்கு விற்றாலும் உங்களுக்கு வரவேண்டியது 1,400 தான். கமிஷன் முறையிலோ, தள்ளுபடியை யார் தாங்குவது என்பதே தனிச் சண்டையாகிவிடும்.

இரண்டாவது வகைக்கு 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் தெளிவான விதி இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவின்படி, திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையில் அனுப்பிய சரக்கு உடனே கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடாது. அவர் அதை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னாலோ, விற்பது போன்ற செயலால் அதைக் காட்டினாலோதான் உரிமை மாறும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. திருப்பித் தருவதற்குக் குறித்த தேதி கடந்தும், வேண்டாம் என்று சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டிருந்தால் அவர் வாங்கியதாகவே ஆகும். தேதி குறிக்காமல் விட்டால் 'நியாயமான காலம்' என்று சட்டம் சொல்கிறது. அது எத்தனை நாள் என்று முடிவாகவே வழக்கு நடத்த வேண்டியிருக்கும். ஆகவே இந்த ஒப்பந்தத்தில் விலையைவிடக் கெடு தேதிதான் முக்கியம்.

சரக்கு யாருக்குச் சொந்தமோ அவருக்கே நஷ்டமும் என்பது அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு தரும் பொது விதி. விற்காத சேலை இன்னும் உங்களுடையது என்பதால், கடைக்காரர் மேல் தவறில்லாமல் கடையில் தீப்பிடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் தம் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனத்தோடு கடைக்காரர் உங்கள் பொருளைப் பாதுகாக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கேட்கிறது. கவனமாகவே இருந்தார் என்று தெரிந்தால் அவர் பொறுப்பாக மாட்டார். ஆனால் 'கடைக்குள் வந்தபின் தீ, திருட்டு, வெள்ளம் எதனால் சேதம் ஏற்பட்டாலும் கடையே பொறுப்பு' என்று எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. எழுதினால் மட்டும் போதாது. கடையின் காப்பீடு பிறருக்குச் சொந்தமான சரக்கையும் சேர்த்துக்கொள்கிறதா என்று பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சொந்தச் சரக்குக்கு மட்டும் எடுத்த பாலிசியில் உங்கள் சேலைக்கு ஒரு ரூபாயும் வராமல் போகலாம்.

கடைக்காரர் வங்கியில் சரக்கை ஈடுகாட்டிக் கடன் வாங்கியிருந்தால் இன்னொரு சிக்கல் வரும். அவர் கணக்குக் காட்டும்போது உங்கள் சேலையும் அதில் சேர்ந்துவிடக்கூடும். ஒவ்வொரு சேலையிலும் எண் போட்ட சீட்டு ஒட்டுங்கள். அந்த எண்களை டெலிவரி சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எது யாருடையது என்று பின்னால் நிரூபிக்க இவைதான் கைகொடுக்கும்.

திரும்பி வரும் சரக்கில் சண்டை பெரும்பாலும் டேமேஜ் பற்றித்தான். நெசவுக் குறையா, கடையில் நேர்ந்ததா? மடிப்பின் வெளிப்பக்கம் மட்டும் வெளுத்து உள்ளே நிறம் அப்படியே இருந்தால், அது ஷோகேஸ் வெளிச்சத்தில் வெகுநாள் கிடந்த சேலை. பிரிக்காத மடிப்புக்குள் இழை விட்டிருந்தால் அது தறியில் வந்த குறை. சரக்கு இறங்கி 7 நாளுக்குள் பார்த்துக் குறையைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நெசவுக் குறையும் சாயக் குறையும் மட்டுமே உற்பத்தியாளர் பொறுப்பு என்று எழுதினால் பாதி வாக்குவாதம் தீரும். திருப்பி அனுப்பும் வாடகை யாருடையது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஆகஸ்ட் 1 அன்று 100 சேலை அனுப்புகிறீர்கள். வரி நீங்கலாக உங்கள் விலை 1,400 ரூபாய். கெடு நவம்பர் 30. அன்று இருவரும் சேர்ந்து எண்ணுகிறீர்கள். 62 விற்றிருக்கிறது, 31 நல்ல நிலையில் இருக்கிறது, 3 காணவில்லை. மீதி நான்கில் இரண்டு வெளுத்தவை, இரண்டில் இழைக் குறை. கடைக்குள் நேர்ந்த சேதத்துக்குக் கடை பொறுப்பு என்று எழுதியிருந்தால், விற்ற 62, காணாமல் போன 3, வெளுத்த 2 ஆக 67 சேலைக்குக் கடை பணம் தர வேண்டும். தொகை 93,800 ரூபாய். நல்ல 31உம் குறையுள்ள 2உம் உங்களிடம் திரும்பும். எழுத்தே இல்லாவிட்டால், காணாமல் போன மூன்றுக்கும் வெளுத்த இரண்டுக்குமான 7,000 ரூபாய்க்கு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டும்.

பணத்தை நவம்பர் கடைசி வரை காத்திருந்து வாங்க வேண்டியதில்லை. சேலை விற்ற நொடியிலேயே உங்கள் 1,400 கடன் பாக்கியாகிவிடுகிறது. மாதம் முடிந்ததும் 5ஆம் தேதிக்குள் விற்பனைப் பட்டியல், 15ஆம் தேதிக்குள் பணம் என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் எளிது. முன்னறிவிப்போடு எப்போது வேண்டுமானாலும் வந்து ஸ்டாக் எண்ணும் உரிமையை எழுதி வாங்குங்கள். பட்டியலில் 20 என்றும் அலமாரியில் 30 குறைவு என்றும் இருந்தால், விற்ற பணம் கடையின் வேறு செலவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கெடு தேதிக்கு வரிக் காரணமும் உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் இந்த நிபந்தனையில் சரக்கு அனுப்பினால், விற்பனை நடக்கும்போதோ, அனுப்பி 6 மாதம் ஆகும்போதோ, எது முந்தியதோ அப்போது பில் போட வேண்டும். நம் உதாரணத்தில் அந்த எல்லை ஜனவரி இறுதி. அதுவரை விற்காமலும் திரும்பாமலும் கிடந்தால், கைக்கு வராத பணத்துக்கு நீங்கள் வரி கட்ட நேரிடும். நான்கு மாதக் கெடு வைத்தால் எண்ணவும் திருப்பி எடுக்கவும் அவகாசம் இருக்கும். முகவர் முறையில், முகவர் தம் பெயரில் பில் போட்டு விற்பவரானால் சரக்கை அவருக்கு அனுப்புவதே விற்பனைக்குச் சமமாகி, வரி அப்போதே வந்துவிடும். எந்த முறை என்று ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் இருந்தால் போதும். உங்கள் விலை, கெடு தேதி, சேதப் பொறுப்பு, திருப்பும் முறை, பணம் தரும் நாள் ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். கெடு தாண்டினால் மிச்சம் முழுவதும் கடை வாங்கியதாகும் என்ற வரியையும் சேருங்கள். அந்த வரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்கும் கடைக்கு நூறு சேலை அனுப்பாதீர்கள். பத்து அனுப்பிப் பாருங்கள்.