வேலை எங்கே தேங்குகிறது?

"ஒரு மாற்றம் கேட்டால் ஏழு நாளில் முடித்துவிடுகிறோம்" என்கிறது மென்பொருள் குழு. "மூன்று வாரத்துக்கு முன்னால் எதுவும் கைக்கு வந்ததில்லை" என்கிறார் வாடிக்கையாளர். இருவருமே பொய் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் போய் நின்ற நேரத்திலிருந்து எண்ணினால் ஒரு கணக்கு வரும், இலை போட்டு உட்கார்ந்த பிறகு எண்ணினால் வேறொரு கணக்கு வரும். கோரிக்கை வந்த நாளிலிருந்து முடிந்த நாள் வரை எண்ணுவது லீட் டைம். குழு கையில் எடுத்த நாளிலிருந்து எண்ணுவது சைக்கிள் டைம். எந்த நாளைத் தொடக்கமாக வைப்பது என்பதில் குழுவுக்குக் குழு வழக்கம் மாறும். அதனால் யாராவது எண்ணைச் சொன்னால், கடிகாரம் எங்கே ஓடத் தொடங்கியது என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கலாம் என்பதற்குக் கான்பன் வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் உதாரணம் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு பராமரிப்புக் குழு. 2004-ல் டிராகோஸ் டுமிட்ரியு அந்தக் குழுவின் பொறுப்பை ஏற்றார். டேவிட் ஆண்டர்சன் அவருக்கு ஆலோசனை சொன்னார். வேலை செய்தவர்கள் ஹைதராபாத்தில் இருந்தார்கள். கோரிக்கை ஒன்று முடிந்து வெளிவர சுமார் ஐந்து மாதம் ஆனது. அதில் பெரும்பகுதி, யாரும் தொடாமல் வரிசையில் கிடந்த காலம். இன்னொரு தலைவலியும் இருந்தது. புதுக் கோரிக்கை வரும்போதெல்லாம் "இதற்கு எத்தனை நாள் ஆகும்" என்று மதிப்பீடு போடுவதற்காகக் கையிலிருக்கும் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. மதிப்பீட்டைக் கைவிட்டு, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைக்கு உச்சவரம்பு வைத்த பிறகு, லீட் டைம் ஏறத்தாழ இரண்டு வாரமாகக் குறைந்தது.

வரிசை எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் காட்டும் படம்தான் கியூமுலேட்டிவ் ஃப்ளோ டயகிராம். சுருக்கமாக சிஎஃப்டி. கான்பன் பலகையில் ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. அது பேக்லாக், டெவலப்மென்ட், டெஸ்டிங், முடிந்தது என்று இடமிருந்து வலமாக நகரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இதுவரை மொத்தம் எத்தனை கார்டுகள் வந்திருக்கின்றன என்று எண்ணி, நாள்தோறும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் படம் வந்துவிடும். தனி மென்பொருள் தேவையில்லை. ஒரு விரிதாளில் கார்டுக்கு ஒரு வரி எழுதி, அது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் முதன்முதலாக நுழைந்த தேதியைக் குறித்து வைத்தால் போதும். டெவலப்மென்ட் தேதிகள் C நெடுவரிசையிலும், எண்ண வேண்டிய நாள் H2 கட்டத்திலும் இருந்தால் சூத்திரம் இதுதான்:

```
=COUNTIF(C:C,"<="&$H2)
```

'முதன்முதலாக' என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கூட்டிக்கொண்டே போகும் எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. உங்கள் படத்தில் ஒரு கோடு கீழே இறங்கினால், யாரோ கார்டை அழித்திருக்கிறார்கள் அல்லது டெஸ்டிங்கில் தோற்றதைப் பழைய கட்டத்துக்குத் திருப்பி இழுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு வேறு எதையும் பேசுவதற்கு முன்னால் தரவைச் சரிசெய்வது நல்லது.

விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு சிறு குழுவின் எட்டு வாரக் கணக்கு இதோ. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் எடுத்த மொத்த எண்ணிக்கை. வாரத்துக்கு ஐந்து வேலைநாள்.

| வாரம் | வந்தவை | டெவலப்மென்ட் தொடங்கியவை | டெஸ்டிங்குக்குப் போனவை | முடிந்தவை |
|---|---|---|---|---|
| 1 | 18 | 10 | 5 | 3 |
| 2 | 23 | 15 | 10 | 8 |
| 3 | 28 | 20 | 15 | 13 |
| 4 | 33 | 25 | 20 | 18 |
| 5 | 38 | 31 | 25 | 20 |
| 6 | 43 | 36 | 31 | 22 |
| 7 | 48 | 41 | 36 | 24 |
| 8 | 53 | 46 | 41 | 26 |

படத்தில் இது நான்கு கோடுகளாக ஏறும். நான்காவது வாரத்தில் நின்று பாருங்கள். மேலிருந்து கீழாக அளந்தால் அந்த நேரத்தில் எங்கே எத்தனை கார்டு இருந்தது என்று தெரியும். தொடங்கியவை 25, முடிந்தவை 18. ஆக, கையில் இருப்பவை 7. 'முடிந்தவை' கோட்டின் சாய்வைப் பார்த்தால் குழுவின் வேகம் தெரியும். வாரத்துக்கு 5.

இனி இடப்பக்கம் கிடைமட்டமாக நகருங்கள். நான்காவது வார முடிவில் 18-வது கார்டு முடிந்தது. 'தொடங்கியவை' கோடு 18-ஐ எப்போது தொட்டது? இரண்டாவது வாரத்தில் 15, மூன்றாவதில் 20. சீராக ஏறியதாக எடுத்துக்கொண்டால் 2.6-வது வாரம். இடைவெளி 1.4 வாரம், அதாவது ஏழு வேலைநாள். அதுதான் சராசரி சைக்கிள் டைம். இன்னும் இடப்பக்கம் போனால் 'வந்தவை' கோடு 18-ஐத் தொட்டது முதல் வாரத்திலேயே. லீட் டைம் மூன்று வாரம். குழு சொன்னதும் வாடிக்கையாளர் சொன்னதும் ஒரே கிடைமட்டக் கோட்டில் கிடக்கின்றன.

இதையே வகுத்தும் பார்க்கலாம். கையிலிருக்கும் 7 கார்டை வாரத்துக்கு 5 என்ற வேகத்தால் வகுத்தால் அதே 1.4 வாரம். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த வரிசை விதி இது. வரிசையின் சராசரி நீளத்தைச் சராசரி வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். ஆனால் உள்ளே வருவதும் வெளியே போவதும் நெடுநாளைக்கு ஒத்துப்போனால்தான் இந்தப் பொருத்தம் நிற்கும்.

இங்கே கிடைப்பது சராசரி மட்டும்தான் என்பதை மறக்கக் கூடாது. சிஎஃப்டிக்கு எந்தக் கார்டு எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்ணிக்கை. பதினெட்டாவதாக முடிந்த கார்டு பதினெட்டாவதாகத்தான் தொடங்கியது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. "என் கார்டு எப்போது வரும்" என்று வாடிக்கையாளர் கேட்டால், முடிந்த ஒவ்வொரு கார்டின் சைக்கிள் டைமையும் தனித்தனியாக எடுத்துச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும். இருபது கார்டு இருந்தால் பதினேழாவது கார்டின் நாள் எண்ணிக்கை 85 சதவீதக் கோடு. அது 12 நாள் என்றால், "பெரும்பாலும் 12 நாளுக்குள் முடியும்" என்று சொல்லலாம். சராசரி ஏழு நாள் என்று சொல்லி வாக்குக் கொடுத்தால் அடிக்கடி திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

இப்போது ஐந்தாவது வாரத்துக்கு வருவோம். டெஸ்டர்களில் ஒருவரை வேறு திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். டெவலப்பர்கள் வழக்கம்போல வாரத்துக்கு ஐந்தாறு கார்டு எடுக்கிறார்கள், முடித்து டெஸ்டிங்குக்குத் தள்ளுகிறார்கள். எல்லோரும் மும்முரமாகத்தான் இருக்கிறார்கள். பேக்லாக் பட்டை எட்டிலிருந்து ஏழு, டெவலப்மென்ட் பட்டை ஒரே ஒரு வாரம் ஆறாகி மீண்டும் ஐந்திலேயே இருக்கிறது. டெஸ்டிங் பட்டை மட்டும் 2-லிருந்து 15 ஆகிறது. கோடுகளைப் பார்த்தால் ஒரு வாய் அகலமாகத் திறப்பதுபோல இருக்கும். மேல் கோடு தன் சாய்வை மாற்றவில்லை. கீழ்க் கோடுதான் படுத்துவிட்டது. பட்டை விரிந்தால் எந்தக் கோடு சாய்வை மாற்றியது என்று பார்க்க வேண்டும், காரணம் அங்கேதான் இருக்கும்.

எட்டாவது வாரக் கூட்டத்தில் என்ன எண் சொல்லப்படும்? 26-வது கார்டு முடிந்திருக்கிறது. 'தொடங்கியவை' 26-ஐத் தொட்டது நான்காவது வாரம் முடிந்த கையோடு. இடைவெளி சுமார் 3.8 வாரம், 19 நாள். மோசம்தான், ஆனால் சமாளிக்கலாம் என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள். கையில் 20 கார்டு, வாரத்துக்கு 2 முடிகிறது. பத்து வாரம்! ஐம்பது வேலைநாள்.

இரண்டும் ஏன் இவ்வளவு விலகுகின்றன? கிடைமட்ட அளவு, முடிந்துபோன கார்டுகளின் கதை. டெஸ்டிங்கில் கிடக்கும் பதினைந்தும் இன்னும் முடியாததால் அந்தச் சராசரிக்குள் நுழையவே இல்லை. வகுத்து வரும் எண் முன்னோக்கியது. இன்று தொடங்கும் கார்டு, இதே வேகம் நீடித்தால், முன்னால் நிற்கும் இருபதும் போன பிறகுதான் வெளியே வரும். வருவதும் போவதும் ஒத்துப்போகாத காலத்தில் லிட்டிலின் விதி இரண்டையும் இணைத்துக் கட்டாது. என்னைக் கேட்டால், சராசரி சைக்கிள் டைமை மட்டும் திரையில் பெரிதாகக் காட்டும் அலுவலகங்கள் நோய் முற்றிய பிறகுதான் வெப்பமானியைத் தேடுகின்றன. முடியாத கார்டுகள் ஒவ்வொன்றுக்கும் இன்றைக்கு எத்தனை நாள் வயது என்ற பட்டியலைப் பக்கத்தில் வைத்தாலே விஷயம் ஆறாவது வாரத்தில் தெரிந்திருக்கும்.

சரி, சரிசெய்கிறார்கள். மூன்று வாரத்துக்குப் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, டெவலப்பர்கள் இருவர் டெஸ்டிங்கில் உட்காருகிறார்கள், வேகம் மீண்டும் வாரத்துக்கு 5 ஆகிறது என்று வையுங்கள். படத்தில் 'தொடங்கியவை' கோடு 46-இல் படுத்துக்கிடக்கும். அதைப் பார்த்து மேலாளர் பதறுவார். அதைவிடப் பதற வைப்பது சராசரி. ஒன்பதாவது வாரத்தில் 31-வது கார்டு முடியும். அது தொடங்கியது ஐந்தாவது வாரம், ஆக நான்கு வாரம். பத்தாவது வாரத்தில் 36, அதுவும் நான்கு வாரம். பதினொன்றில் 41, அதே நான்கு. தேங்கிக் கிடந்த பழைய கார்டுகள்தானே இப்போது வெளியே வருகின்றன! குழு சரியான காரியத்தைச் செய்துகொண்டிருக்கும் மூன்று வாரமும் சைக்கிள் டைம் 20 நாளிலேயே நிற்கும். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது கையிலிருக்கும் எண்ணிக்கையை. அது 20-லிருந்து 15, 10, 5 என்று இறங்கியிருக்கும்.

சைக்கிள் டைம் அதன் பிறகு பழைய நிலைக்கு வந்துவிடும். லீட் டைம் வராது. பதினொன்றாவது வாரத்தில் வந்தவை 68, முடிந்தவை 41. வித்தியாசம் 27. நான்காவது வாரத்தில் இது 15. டெஸ்டிங் படுத்திருந்த நான்கு வாரத்தில் முடியாமல் போனவை 12 கார்டு, அந்தப் பன்னிரண்டும் இப்போது டெஸ்டிங்கைவிட்டுப் பேக்லாக்குக்கு இடம் மாறி நிற்கின்றன. வாடிக்கையாளருக்கு இன்னும் 27 நாள் காத்திருப்புதான். வாரத்துக்கு ஐந்து வந்து ஐந்தே முடியும்வரை அந்தப் பன்னிரண்டு கரையாது. வேகம் ஐந்தைத் தாண்ட வேண்டும், அல்லது யாராவது வாடிக்கையாளருடன் உட்கார்ந்து இவற்றில் எந்தப் பன்னிரண்டு இனி வேண்டாம் என்று கேட்க வேண்டும். பேக்லாக்கில் நிற்கும் கார்டை எடுத்துவிட்டால் எந்த உழைப்பும் வீணாவதில்லை என்பதால், அந்தப் பேச்சு இப்போது சுலபம். எட்டாவது வாரத்தில் டெஸ்டிங்கில் கிடந்தபோது கேட்டிருந்தால், ஒவ்வொரு கார்டிலும் எழுதி முடித்த நிரலைத் தூக்கிப்போட வேண்டியிருந்திருக்கும்.