நான்கு இனிப்பு, நான்கு கெடு

மே மாதம். கொல்கத்தாவில் வேலை முடிந்து, கோரமண்டல் எக்ஸ்பிரஸைப் பிடிக்கும் முன் ஒருவர் இனிப்புக் கடைக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப முடியுமா? மண்சட்டியில் ரசகுல்லா, அட்டைப்பெட்டியில் மிருதுவான சந்தேஷ், அரைக் கிலோ பேடா, பிளாஸ்டிக் டப்பாவில் ரசமலாய் என்று நான்கு வகை வாங்குகிறார். ரயில் கிளம்புவது பிற்பகலில். சென்னை வந்து சேருவது மறுநாள் மாலையில். வீட்டுக்கதவைத் தட்டும்போது இரவு 7 மணி ஆகிவிடும்.

கடையில் இந்த இனிப்புகள் அன்று காலை 6 மணிக்குத் தயாரானவை என்றால், வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது அவற்றின் வயது 37 மணி நேரம். அதில் பெரும்பகுதி ஒடிசா, ஆந்திர வெயிலில் கழிந்திருக்கும். நான்கும் பால் இனிப்புகள்தாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கெடு வேறு.

வித்தியாசம் தொடங்குவது பாலில் இருக்கும் தண்ணீரை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில். கோவாவுக்குப் பாலை அகலமான வாணலியில் ஊற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிக் கிளறிச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். ஐந்து லிட்டர் எருமைப்பால் சுண்டி ஏறத்தாழ ஒரு கிலோ கோவாவாக இறங்கும். கெட்டியான கோவாவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் மிஞ்சியிருக்கும். வங்க இனிப்புகளுக்கு ஆதாரமான சேனாவுக்கு வழி வேறு. காய்ந்த பாலில் எலுமிச்சைச் சாறு அல்லது புளித்த மோர்த் தெளிவு போன்ற ஒன்றைச் சேர்த்துத் திரித்து, துணியில் வடிக்கிறார்கள். பன்னீருக்குப் போல அழுத்திப் பிழிவதில்லை. அதனால் சேனாவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ரசகுல்லா மெத்தென்று இருப்பதும் அதனால்தான், சேனா சீக்கிரம் கெடுவதும் அதனால்தான். 37 டிகிரி வெப்பத்தில் வெறும் சேனா ஒரு நாளைத் தாண்டுவது கடினம். கோவாவோ அதே கோடையில் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

சர்க்கரை சேர்ந்தால் கதை மாறுகிறது. சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் இருந்தும் கிருமிக்கு அது எட்டாது. கோவாவோடு சர்க்கரை சேர்த்து மேலும் கிளறி இறுக்கிய பேடா, பர்ஃபி போன்றவை வெறும் கோவாவைவிட அதிக நாள் இருப்பது இந்தக் கணக்கில்தான். நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிலும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது: பாலும் சர்க்கரையும் ஒன்றாகச் சுண்டுகின்றன.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். சர்க்கரை காக்கும் என்றால், பாகில் முழுகிக் கிடக்கும் ரசகுல்லா எல்லாவற்றையும்விடப் பத்திரமாக இருக்க வேண்டுமே? இருக்காது. ரசகுல்லா ஊறும் பாகில் சர்க்கரை பாதியளவுதான், பல கடைகளில் அதற்கும் குறைவு. ஜாம் கெடாமல் இருக்க அதைவிட அதிகம் தேவை. நீர்த்த பாகு ஈஸ்ட்டுக்கு விருந்து. பாகில் சின்னக் குமிழிகள், லேசான கள் வாடை, இழுத்தால் நூல் போல வருவது என்று இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் சட்டியோடு கொட்டிவிட வேண்டியதுதான். டின்னில் வரும் ரசகுல்லா மாதக்கணக்கில் இருப்பதற்குக் காரணம் பாகு அல்ல. கொதிக்கக் கொதிக்க அடைத்துக் காற்றுப் புகாமல் மூடுவதுதான். டின்னைத் திறந்த நிமிடத்தில் அதுவும் சாதாரண ரசகுல்லாதான்.

இதுவரை சொன்னது கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரியும் கேடு. புளிப்பு வாடை, பிசுபிசுப்பு, பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சைப் புள்ளி, பழைய கோவாவில் சோப்பு போன்ற ஒரு காறல். இவற்றைப் பார்த்து யாரும் சாப்பிடப் போவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

வாணலியிலிருந்து இறங்கும் நேரத்தில் கோவா அநேகமாகச் சுத்தமாகவே இருக்கும். கொதியைத் தாங்கும் சில கிருமி விதைகள் தவிர மற்றவை செத்திருக்கும். அதன் பிறகுதான் கைகள் வருகின்றன. தட்டில் கொட்டிப் பரப்பும் கை, பேடா உருட்டும் கை, துண்டு போடும் கத்தி, துடைக்கும் ஈரத்துணி. ஆரோக்கியமான மனிதர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குடியிருக்கிறது. மூக்கைத் தொட்ட விரல், கையில் ஆறாத சின்ன வெட்டுக்காயம் போதும், அது இனிப்புக்கு மாறிவிடும். மற்ற பாக்டீரியாக்கள் தண்ணீர் கிடைக்காமல் திணறும் அளவு சர்க்கரையிலும் இந்தக் கிருமி வளரும். போட்டியாளர்கள் இல்லாத இடத்தில் தனிக்காட்டு ராஜா! 37 டிகிரி அதற்கு மிகவும் பிடித்த வெப்பம். சென்னைக் கோடை தினமும் அதைத் தருகிறது.

வளரும்போது அது ஒரு நஞ்சைக் கக்குகிறது. அந்த நஞ்சுக்கு வாடை இல்லை, நிறம் இல்லை, சுவையும் இல்லை. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே குமட்டலும் விடாத வாந்தியும் வயிற்றுப் பிடிப்பும் தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். ஆனால் கைக்குழந்தையும் முதியவரும் உடலில் நீர் வற்றித் துவண்டுபோவார்கள். அவர்களை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதில் முக்கியமான விஷயம், அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. வெளியில் கிடந்த பர்ஃபியை மைக்ரோவேவில் சூடுபடுத்தினால் கிருமி சாகலாம், நஞ்சு அப்படியே இருக்கும். நான்கு மணி நேரம் மேஜையில் கிடந்ததை அப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதே கதைதான். மேற்கொண்டு நஞ்சு சேராமல் தடுக்கலாமே தவிர, சேர்ந்ததை எடுக்க முடியாது. அதனால் பால் இனிப்பில் முகர்ந்து பார்ப்பதைவிட மணி பார்ப்பது உதவும்.

அந்த மணியைக் கடைக்காரரே சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல், தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் கட்டாயமாக்கியது. ஆணையத்தின் வழிகாட்டுக் குறிப்பு இனிப்புகளைக் கெடு வாரியாகவும் பிரித்திருக்கிறது. கலாகண்ட் செய்த அன்றே தீர வேண்டும். ரசகுல்லா, ரசமலாய், சந்தேஷ் போன்ற வங்க இனிப்புகளுக்கு இரண்டு நாள். பேடா, பால் பர்ஃபி, மில்க் கேக் போன்ற கோவா இனிப்புகளுக்கு நான்கு நாள். நெய்யும் முந்திரியும் சேர்ந்த காஜு கத்லி வகைக்கு ஏழு நாள். இந்த நாட்கள் செய்த நேரத்திலிருந்து எண்ணப்படுபவை, நாம் வாங்கிய நேரத்திலிருந்து அல்ல. சுத்தமாகச் செய்து சரியாக வைத்திருந்தால் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது.

இப்போது ரயிலில் வரும் பெட்டிக்குத் திரும்புவோம்.

ரசமலாயை அவர் வாங்கியிருக்கவே கூடாது. ஈரம் மிகுந்த சேனா, அதைச் சுற்றி லேசாக இனித்த சுண்டிய பால். கிருமி கேட்டாலும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. சமைத்த உணவுக்குச் சொல்லும் பொது விதிதான் இதற்கும்: குளிரில்லாமல் இரண்டு மணி நேரம், 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரே மணி நேரம். ரயில் கரக்பூரைத் தாண்டும் முன்பே கெடு முடிந்துவிடும். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம்!

மிருதுவான சந்தேஷுக்கும் ரசகுல்லாவுக்கும் தாளில் இன்னும் 11 மணி நேரம் மிச்சம். ஆனால் ஏசி இல்லாத பெட்டியில் வந்திருந்தால் அந்த மிச்சத்தை நம்பக் கூடாது. ஏசி பெட்டியில், கைகளால் கிளறாமல் மூடியபடியே வந்திருந்தால் அன்றிரவே சாப்பிட்டு முடிக்கலாம், குழந்தைக்கு வேண்டாம். கொல்கத்தாக் கடைக்காரரிடம் "ரொம்ப தூரம் போகணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கடாபாக் சந்தேஷை எடுத்துத் தந்திருப்பார். நெருப்பில் கூடுதல் நேரம் கிளறி ஈரம் குறைத்த, சற்றே கெட்டியான வகை அது. வாயில் கரைவதில் கொஞ்சம் இழப்பு, வழியில் தாங்குவதில் லாபம். டின் ரசகுல்லாவுக்கோ இந்தக் கவலையே இல்லை.

பேடாவுக்கு இரண்டரை நாள் மீதம் இருக்கிறது. இதில் கெடுவது பெரும்பாலும் கட்டும்போதுதான். ஆறாத பேடாவைப் பெட்டியில் அடைத்தால் உள்ளே வியர்த்து, மூடியில் கோத்த நீர் மேலே சொட்டும். அந்த ஈரப் புள்ளியில்தான் பூஞ்சை முதலில் முளைக்கும்.

வீடு வந்ததும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, காய்ந்த, இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் பின்புறமாக வைக்க வேண்டும். கதவுத் தட்டு ஆகாது. திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறும் இடம் அது. 4 டிகிரியில் அந்த நஞ்சுக் கிருமியால் வளர முடியாது. சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து வைத்தால், ஒன்றைத் திறக்கும்போது மற்றது குளிரிலேயே இருக்கும். கோவாவும் பர்ஃபியும் ஃப்ரீசரிலும் மாதக்கணக்கில் நன்றாக இருக்கும். ரசகுல்லாவை மட்டும் அங்கே வைக்கக் கூடாது. உறைந்து உருகும்போது அதன் பஞ்சுத்தன்மை போய்விடும். குளிர்ந்த பேடாவை எடுத்தவுடன் மூடியைத் திறக்காமல், கால் மணி நேரம் மூடியபடியே வெளியில் வைத்தால் வியர்வை டப்பாவின் வெளிப்புறத்தில் கோக்கும், பேடாவின் மேல் கோக்காது. ஈரக் கரண்டி போடக் கூடாது. எடுத்துத் தட்டில் வைத்ததில் மிஞ்சியது டப்பாவுக்குத் திரும்பவும் கூடாது.