வீட்டுச் செலவைக் கழித்த பிறகு எவ்வளவு?

தொழில்கடன் கேட்டுப் போகிறவர்கள் வட்டி எத்தனை சதவீதம் என்று விசாரிப்பார்கள். வங்கி அதிகாரி முதலில் தேடுவது வேறோர் எண்ணை. ஆடிட்டர் தயாரித்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் அது டி.எஸ்.சி.ஆர். என்ற பெயரில் இருக்கும். ஓர் ஆண்டில் தொழில் ஈட்டித் தரும் பணம், அந்த ஆண்டு கட்டவேண்டிய தவணையைப் போல எத்தனை மடங்கு என்பதே அது. பல வங்கிகள் சராசரியாக 1.5 அளவுக்கு எதிர்பார்க்கின்றன. 1.2க்குக் கீழே போனால் தயங்குகின்றன.

திருப்பூரில் ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். புதுத் தையல் இயந்திரங்களுக்கு 10 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 5 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 22,250 ரூபாய், ஆண்டுக்கு 2.67 லட்சம். முதல் ஆண்டில் இதில் வட்டி மட்டும் ஏறக்குறைய 1.12 லட்சம்.

வட்டி, தேய்மானம், வரி எல்லாம் போக நிகர லாபம் 2.40 லட்சம் என்று ரிப்போர்ட் சொல்கிறது. தேய்மானம் ஏட்டில் எழுதும் செலவுதான், கையைவிட்டுப் போவதில்லை. அதனால் அந்த 90,000 ரூபாயைத் திரும்பக் கூட்டுகிறோம். தவணையில் இருக்கும் வட்டியையும் கூட்டுகிறோம். ஆக மொத்தம் 4.42 லட்சம். இதை 2.67 லட்சத்தால் வகுத்தால் 1.65. வங்கிக்குத் திருப்தி.

ஆனால் யூனிட் உரிமையாளர் தனிநபர். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை என்று மாதம் 20,000 ரூபாய் தொழிலிலிருந்து எடுக்கிறார். அது லாப நட்டக் கணக்கில் செலவாக வராது; முதல் கணக்கில் கழியும். ஆண்டுக்கு 2.40 லட்சம். அதை எடுத்த பிறகு மிஞ்சுவது 2.02 லட்சம். இப்போது விகிதம் 0.76. அதாவது ஒவ்வொரு 100 ரூபாய்த் தவணைக்கும் கையில் 76 ரூபாய்தான் இருக்கிறது. மீதியைக் கைமாற்றாகவோ நகை அடகாகவோ புரட்ட வேண்டியதுதான். சிறு தொழில்களில் தவணை தவறுவதற்கு வியாபாரம் படுத்துவதைவிட இந்த விடுபட்ட கழித்தலே காரணமாக இருப்பதுண்டு.

வாகனக் கடன், நகைக் கடன் தவணைகள் ஏற்கெனவே இருந்தால் அவற்றையும் வகுக்கும் எண்ணில் சேர்க்க வேண்டும். லாபத்தைக் கூடுமானவரை கடந்த இரண்டு ஆண்டு ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் உள்ள விற்பனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வரும் ஆண்டுகளில் விற்பனை தாவிக் குதிப்பதாக ரிப்போர்ட்டில் இருந்தால், ஆர்டர் யாரிடமிருந்து வரும் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

தவணைக் காலத்தை 7 ஆண்டாக நீட்டினால் நம் யூனிட் தப்புமா? ஆண்டுத் தவணை 2.12 லட்சமாகக் குறைகிறது, விகிதம் 0.95தான். கடனையே குறைத்து, பாதி இயந்திரங்களை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் வாங்க முடியுமா என்று கணக்கை மறுபடி போட வேண்டிய இடம் இது.